திருகுவது ஒரு தசை, வலிப்பது இன்னொரு தசை
பேனல் போர்டு வேலையில் முன்கையைக் காப்பது எப்படி?

பேனல் போர்டு பட்டறையில் நாள் முழுக்க டெர்மினல் ஸ்க்ரூ முறுக்குகிறவர்களுக்கு வலி வருகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: முழங்கையின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பு முனையும், அதற்குச் சற்றுக் கீழே உள்ள சதையும். "திருகித் திருகித் தேஞ்சு போச்சுண்ணே" என்பார்கள். சூப்பர்வைசரும் அதையே நம்பி, ஆளை ஒரு வாரம் லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றிவிடுவார். திரும்பி வந்த இரண்டாம் நாளே வலியும் திரும்பும்.

திரும்பத்தான் செய்யும். ஸ்க்ரூவைத் திருகுகிற தசைகள் வேறு, அந்த இடத்தில் வலிக்கிற தசை வேறு. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் எந்த டிரைவர் வாங்குவது, பிளேட்டை எந்தக் கோணத்தில் வைப்பது, என்ன பயிற்சி செய்வது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும். அதற்கு முதலில் முன்கை எப்படித் திரும்புகிறது என்பதைக் கையாலேயே தொட்டுப் பார்த்துவிடுவோம்.

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா, கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். முழங்கையை மேசையில் ஊன்றும்போது குத்துகிற முனை அல்னாவுடையது. அங்கிருந்து விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனால், தோலுக்கு அடியிலேயே மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கக் குமிழ் வரை அந்த எலும்பைத் தொடரலாம். இப்போது இடது கைக் கட்டைவிரலை வலது முழங்கையின் வெளிப்பக்கப் புடைப்பின் மேல் வையுங்கள். அங்கிருந்து சுமார் இரண்டு விரல்கடை கை நோக்கி இறக்கி, லேசாக அழுத்துங்கள். முழங்கையை மடக்கியபடியே வலது உள்ளங்கையைக் கவிழ்த்தும் மலர்த்தியும் பாருங்கள். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சிறு உருண்டை உருளுவது தெரியும். அதுதான் ரேடியஸின் தலை.

அந்தத் தலையைச் சுற்றி வளையம் போல ஒரு தசைநார் இருக்கிறது. அதன் இரு முனைகளும் அல்னாவில் பிடித்திருக்கின்றன. ரேடியஸின் தலை அந்த வளையத்துக்குள் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. இது மேல் மூட்டு. மணிக்கட்டுப் பக்கம் கதை தலைகீழ். அங்கே அல்னாவின் நுனி ஏறக்குறைய அசையாமல் நிற்க, ரேடியஸின் அகன்ற கீழ்முனை அதைச் சுற்றி வலம் வருகிறது. இது கீழ் மூட்டு. ஆக மேலே சுழற்சி, கீழே சுற்றி வருதல், இரண்டும் ஒரே அசைவின் இரு முனைகள். உள்ளங்கை மலர்ந்திருக்கும்போது இரு எலும்புகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. கவிழும்போது ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காகச் சாய்ந்துவிடுகிறது. கை ரேடியஸோடு இணைந்திருப்பதால் அதுவும் கூடவே திரும்புகிறது. கவிழ்த்தலை மருத்துவர்கள் ப்ரொனேஷன் என்றும், மலர்த்தலை சூப்பினேஷன் என்றும் சொல்வார்கள். நடுநிலை என்பது கட்டைவிரல் மேலே பார்த்திருக்கும் நிலை.

எவ்வளவு திரும்பும் என்று அளக்க ஒரு பென்சில் போதும். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, பென்சிலைக் கைப்பிடிக்குள் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் சாய்க்க வேண்டும். ஆரோக்கியமான கையில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி வரை போகும். மலர்த்தல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். முழங்கையை நீட்டிக்கொண்டு அளக்கக் கூடாது. அப்போது தோளும் சேர்ந்து திரும்பி, முன்கையில் இல்லாத அசைவை இருப்பதாகக் காட்டிவிடும். மணிக்கட்டு எலும்பு முறிந்து கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்புகிறவர்களிடம் இந்தத் தவறான அளவுதான் "எல்லாம் சரியாயிடுச்சு" என்ற பொய்யான நம்பிக்கையைத் தருகிறது.

இனி, யார் திருப்புகிறார்கள் என்ற கேள்வி. வலது கைக்காரர் ஸ்க்ரூவை இறுக்குவது கடிகாரத் திசையில். வலது கையில் அது மலர்த்தல். இதைச் செய்யும் தசைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, ரேடியஸின் மேற்பகுதியைச் சுற்றிப் படிந்திருக்கும் சூப்பினேட்டர் என்ற தட்டையான தசை. இன்னொன்று, எல்லோரும் கையை மடக்கிக் காட்டுவார்களே, அந்த பைசெப்ஸ். அதன் கீழ்நுனி ரேடியஸின் உட்பக்க மேட்டில் போய்ப் பிடித்திருக்கிறது. கவிழ்ந்த நிலையில் அந்த மேடு பின்பக்கமாகச் சுருண்டு போயிருக்கும். பைசெப்ஸ் இழுத்தால் எலும்பு சுழன்று உள்ளங்கை மலரும். எதிர்ப்பில்லாமல் மெதுவாகத் திரும்பும்போது சூப்பினேட்டரே சமாளித்துக்கொள்கிறது. ஸ்க்ரூ இறுக ஆரம்பித்ததும் பைசெப்ஸ் களத்தில் இறங்குகிறது.

தளர்த்துவது கவிழ்த்தல். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டு எலும்புகளுக்கும் குறுக்கே நாற்கரமாக இருக்கும் ப்ரொனேட்டர் குவாட்ரேட்டஸ் அதன் அன்றாட வேலையாள். பலமோ வேகமோ தேவைப்படும்போது முழங்கையின் உட்பக்கத்திலிருந்து சரிவாக வரும் ப்ரொனேட்டர் டெரெஸ் துணைக்கு வரும். இடது கைக்காரருக்கு இவை அப்படியே இடம் மாறும். அவர் இறுக்குவது கவிழ்த்தலால். அதனால் ஒரே பெஞ்சில் ஒரே வேலை செய்கிற இருவரில் ஒருவருக்கு ஒரு தசையும் மற்றவருக்கு வேறொன்றும் களைத்துப் போவது இயல்பு.

பைசெப்ஸ் விஷயத்தில் பட்டறைக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒரு சோதனை இருக்கிறது. இடது கையால் வலது பைசெப்ஸைப் பிடித்துக்கொண்டு, இறுகிய ஒரு ஸ்க்ரூவை முழங்கை மடக்கிய நிலையில் மேலும் இறுக்கிப் பாருங்கள். தசை கெட்டியாவது உடனே தெரியும். பிறகு கையை முழுக்க நீட்டி, தலைக்கு மேலுள்ள ஒரு ஸ்க்ரூவை அதே போல் இறுக்குங்கள். பலம் பாதியில் நின்றுவிட்டது போல இருக்கும். முழங்கை 90 டிகிரி அருகே மடங்கியிருக்கும்போதுதான் பைசெப்ஸின் திருகும் திறன் உச்சத்தில் இருக்கிறது. கை நீண்டால் அது குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட நாம் என்ன செய்கிறோம்? கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறோம். வலிக்கு விதை விழுவது அங்கேதான்.

ஏன் என்று பார்க்க முன்கையின் இரண்டு தசை அறைகளுக்குள் போக வேண்டும். இரு எலும்புகளுக்கும் இடையில் ஓர் உறுதியான சவ்வு விரிந்திருக்கிறது. முன்கை முழுவதையும் இன்னொரு கெட்டியான உறை சுற்றியிருக்கிறது. இவை சேர்ந்து தசைகளை முன் அறை, பின் அறை என்று பிரிக்கின்றன. உள்ளங்கைப் பக்கம் இருப்பது மடக்குத் தசைகளின் அறை. விரல்களையும் மணிக்கட்டையும் மடக்குபவை இங்கே இருக்கின்றன. மேலடுக்குத் தசைகள் பெரும்பாலும் முழங்கையின் உட்பக்கப் புடைப்பிலிருந்து கிளம்புகின்றன. புறங்கைப் பக்கம் இருப்பது நீட்டுத் தசைகளின் அறை. விரல்களை விரிப்பவையும் மணிக்கட்டைப் பின்னால் தூக்குபவையும் இங்கே இருக்கின்றன. இவற்றில் பல வெளிப்பக்கப் புடைப்பில் ஒன்றாகப் பிடித்திருக்கின்றன. மேலே சொன்ன திருப்பும் தசைகளில் இரண்டு ப்ரொனேட்டர்களும் முன் அறைக்காரர்கள், சூப்பினேட்டர் பின் அறைக்காரர். பைசெப்ஸ் மட்டும் மேற்கையிலிருந்து வருகிற வெளியூர்க்காரர்.

பிடிப்பது முன் அறையின் வேலைதானே, பின் அறைக்கு ஏன் வலிக்கிறது? இடது கை விரல்களை வலது முன்கையின் மேற்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு, வலது கையை முஷ்டியாக இறுக்குங்கள். புறங்கைப் பக்கச் சதையும் சேர்ந்து திரளும். விரல் மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்குப் போகின்றன. அவை இழுத்தால் மணிக்கட்டும் சேர்ந்து மடங்கிவிடும். அப்படி மடங்கிவிட்டால் பிடியின் பலம் போய்விடும். மணிக்கட்டை நன்றாக உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்துப் பார்த்தால் இது தெரியும், விரல்கள் சரியாக மூடவே மூடாது. அதனால் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் பின் அறைத் தசைகள் மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் தூக்கி நிறுத்தியே ஆக வேண்டும். அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு வெளிப்பக்கப் புடைப்பிலிருந்து வரும் ஒரு குட்டைத் தசையின் மேல் விழுகிறது. டென்னிஸ் எல்போ என்று சொல்லப்படும் வலி பெரும்பாலும் அதன் நாரில்தான் தொடங்குகிறது. டென்னிஸ் மட்டையைக் கையில் தொடாதவர்களுக்கே அது அதிகம் வருகிறது.

எவ்வளவு பிடிக்கிறோம் என்பதைக் கணக்காகவே போடலாம். 4 மில்லிமீட்டர் டெர்மினல் ஸ்க்ரூ ஒன்றுக்கு 1.2 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் கைப்பிடியின் விட்டம் 25 மி.மீ. என்றால் ஆரம் 12.5 மி.மீ. ஆகவே கைப்பிடியின் மேற்பரப்பில் 96 நியூட்டன் சுற்றுவிசை தேவை. கை வழுக்காமல் அந்த விசையைத் தர, கைப்பிடிக்கும் தோலுக்கும் உள்ள உராய்வு 0.5 என்றால், மொத்தமாக 192 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 20 கிலோ எடைக்குச் சமமாக அமுக்க வேண்டும். அதே ஸ்க்ரூவுக்கு 40 மி.மீ. கைப்பிடி என்றால் 120 நியூட்டன் போதும், 12 கிலோ. அதே தடித்த கைப்பிடியில் கிரீஸோ வியர்வையோ பட்டு உராய்வு பாதியானால் 240 நியூட்டன், 24 கிலோ. தடித்த கைப்பிடியால் கிடைத்த லாபத்தை எண்ணெய்க் கை ஒரே நொடியில் தின்றுவிடுகிறது. கவனியுங்கள், இந்த மூன்று நிலைகளிலும் திருகும் தசை தந்தது அதே 1.2 நியூட்டன் மீட்டர்தான். மாறியது பிடி மட்டுமே.

எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்ப்போம். 4 மி.மீ. ஸ்க்ரூவின் மரை இடைவெளி 0.7 மி.மீ. அது 4.2 மி.மீ. இறங்க 6 சுற்று வேண்டும். கை வசதியாக ஒரு வீச்சுக்கு 90 டிகிரி திருப்பும் என்றால் 24 வீச்சு. நாளொன்றுக்கு 200 டெர்மினல் என்றால் 4,800 வீச்சு. ஒவ்வொன்றிலும் ஒரு முறை பிடி, ஒரு முறை விடு. இத்தனையிலும் உண்மையான முறுக்கு தேவைப்படுவது ஒவ்வொரு ஸ்க்ரூவின் கடைசிக் கால் சுற்றுக்குத்தான். மீதி வீச்சுகளில் ஸ்க்ரூ சும்மா இறங்கிக்கொண்டிருக்கிறது. கையோ பழக்கத்தினால் கடைசிச் சுற்றுக்கு வேண்டிய பிடியை முதல் சுற்றிலிருந்தே போட்டுக்கொண்டிருக்கிறது.

இனி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது கைக்கார வயர்மேன், நாற்பது வயது. 6 வாரமாக வலது முழங்கை வெளிப்பக்கம் வலி. தண்ணீர்க் குடம் தூக்கவும் பைக்கின் வலது கைப் பிரேக்கைப் பிடிக்கவும் கூட வலிக்கிறது. பென்சில் சோதனையில் இரு பக்கமும் முழுசாகத் திரும்புகிறது, வலியும் இல்லை. ஆகவே மூட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்து, முழங்கையை மடக்கி, நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தடுக்க, அவர் மலர்த்தப் பார்க்கிறார், பிறகு கவிழ்க்கப் பார்க்கிறார். இரண்டும் பலமாக இருக்கின்றன, வலி மிகக் கொஞ்சம். இப்போது முழங்கையை நீட்டி, முஷ்டியைப் பின்னால் தூக்கச் சொல்லி அதைத் தடுக்கிறேன். "அங்கதான், அங்கதான்" என்கிறார். நடுவிரலை மட்டும் நீட்டச் சொல்லித் தடுத்தாலும் அதே இடம். திருப்பும் தசைகள் நலம், பிடியைத் தாங்கும் பின் அறைத் தசைதான் நொந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தப் பிரிப்புதான் அடுத்த எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை.

அவருடைய வேலையிடத்தில் மாற்ற வேண்டியவை: மெலிந்த டிரைவருக்குப் பதில் 35 முதல் 40 மி.மீ. வரை தடிமனுள்ள, ரப்பர் பூச்சுள்ள கைப்பிடி. இடுப்பில் ஒரு உலர்ந்த துணி. ஸ்க்ரூவை இறக்குவதற்குக் குறைந்த முறுக்கில் வைத்த பேட்டரி டிரைவர், கடைசி இறுக்கத்துக்கு மட்டும் டார்க் டிரைவர். டார்க் டிரைவர் "டிக்" என்றதும் நின்றுவிடுவதால், பயத்தில் கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்கும் பழக்கமும் போகும். மவுண்டிங் பிளேட்டை மேசையில் படுக்க வைக்காமல் சாய்த்து நிறுத்துவதும் முக்கியம். டிரைவரின் தண்டும் முன்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால்தான் முன்கையின் சுழற்சி முழுதாக ஸ்க்ரூவுக்குப் போகும். படுத்திருக்கும் பிளேட்டில் மணிக்கட்டை வளைத்துத்தான் திருக முடியும். அலமாரியில் பொருத்திய பிறகு செய்ய வேண்டிய வேலைகளில், மேல் வரிசைக்கு ஏறி நிற்கப் பலகையும் கீழ் வரிசைக்கு உட்காரச் சின்ன ஸ்டூலும் வைத்தால் முழங்கை மடங்கிய நிலையிலேயே இருக்கும்.

பட்டறைக்காரர்கள் செலவைப் பார்த்துத் தயங்குவது பேட்டரி டிரைவருக்கும் டார்க் டிரைவருக்கும்தான். என் கருத்தில், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் பேட்டரி டிரைவரை வாங்குவது நல்லது. 4,800 வீச்சில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்கிறது.

பயிற்சி எளிது. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கவிழ்ந்தபடி கை விளிம்புக்கு வெளியே நீள வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையின் உதவியோடு மேலே தூக்கி, வலது கையால் மட்டும் மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். 15 முறை, மூன்று சுற்று, நாள்தோறும். செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அரை லிட்டர் பாட்டிலுக்கு இறங்கிவிட வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பட்டை கட்டுவதென்றால் புடைப்பின் மேலே கட்டக் கூடாது, இரண்டு விரல்கடை கீழே, சதையின் மேல் கட்ட வேண்டும். விரல் மரத்தால் பட்டை இறுக்கம் என்று பொருள்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்கள் 6 வாரத்தில் மற்றவர்களை விட நன்றாக இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள், வலி திரும்பி வந்ததும் அவர்களில்தான் அதிகம். அவசரமாக ஒரு டெலிவரி முடிக்க வேண்டும் என்பதற்காக ஊசி போட்டுக்கொண்டு, வலி இல்லாத அந்த 6 வாரமும் பழைய டிரைவரோடு முழு வேலை பார்ப்பது நல்ல பேரமல்ல.

சோதனையில் வேறு விதமாக வந்தால் வழியும் வேறு. பழைய பேனல்களைப் பிரித்து இறுகிய ஸ்க்ரூக்களைத் தளர்த்தும் வேலையிலும், இடது கைக்காரர் இறுக்கும் வேலையிலும், முழங்கையின் உட்பக்கம் நோகலாம். தடுத்துக் கவிழ்க்கும்போது வலித்தால் முன் அறைப் பக்கம் பார்க்க வேண்டும். வலி இல்லாமல் விரல்களை நீட்ட மட்டும் முடியவில்லை, முஷ்டி மூடுகிறது ஆனால் விரல் நிமிரவில்லை என்றால் அது தசை நோவு அல்ல. பின் அறைக்குப் போகும் நரம்பின் கிளை சூப்பினேட்டர் தசையை ஊடுருவித்தான் போகிறது, அது அங்கே அழுந்தியிருக்கலாம். நரம்பு மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் அது, பட்டை கட்டிப் பார்க்கிற விஷயமல்ல.

இன்னொன்று பட்டறை முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். அந்த இரண்டு அறைகளின் சுவர்கள் விரிந்து கொடுக்காதவை. பிரஸ்ஸில் கை நசுங்கினாலோ, கனமான பிளேட் முன்கையில் விழுந்தாலோ, எலும்பு முறிந்தாலோ, அறைக்குள் ரத்தமும் வீக்கமும் சேர்ந்து அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போவது தடைபடலாம். அடையாளம் இது: காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, கல் போல விறைத்த முன்கை, அடிபட்டவரின் விரல்களை நாம் மெதுவாக நீட்டிவிட்டாலே அலறும் அளவு வேதனை. மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது, நாடி இருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம். இறுகக் கட்டிய துணியைத் தளர்த்திவிடுங்கள். கையைத் தூக்கிக் கட்டாமல் நெஞ்சின் உயரத்தில் வையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள். அங்கே உறையைக் கிழித்து அழுத்தத்தை விடுவிப்பார்கள். அதற்கு இருப்பது சில மணி நேரம்தான், மறுநாள் காலை வரை பொறுத்துப் பார்க்க இடமில்லை.